தொண்டைவலிக்கு ஒரு வேளை ஸ்டீராய்டு: லாபம் அரை நாள், மிச்சம் ஏழரை மாத்திரை

"எச்சிலைக்கூட முழுங்க முடியல சார், ஏதாவது பவரா குடுங்க." இப்படிக் கேட்டு வருகிறவருக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து மருந்துக்கடைகளில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கிடைக்கும். உள்ளே ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, ஒரு அலர்ஜி மாத்திரை, கூடவே மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளை மாத்திரை. அந்த வெள்ளைக்குப் பெயர் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. சாப்பிட்டவர் அன்று மாலையே காபி குடிப்பார். மறுமுறை தொண்டை கட்டினால் அதே கடைக்குத்தான் போவார். "அவர் கொடுத்தா கேக்கும்" என்று பெயர் வந்துவிடும்.

கேட்டதும் உண்மைதான். தொண்டைவலிக்கு ஸ்டீராய்டு ஏதோ கடைக்காரர் கண்டுபிடித்த குறுக்குவழி என்று மருத்துவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, அதை முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. முடிவு கடைக்காரருக்குப் பாதி சாதகம், பாதி பாதகம். எவ்வளவு பலன், எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்ற மூன்று கேள்விக்கும் ஓரளவு தெளிவான பதில் இன்று இருக்கிறது.

முதலில் அந்த மாத்திரை தொண்டைக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தொண்டை வலிப்பதற்கு நேரடிக் காரணம் கிருமி அல்ல, வீக்கம். கிருமியை எதிர்க்க உடல் அனுப்பும் ரசாயனங்கள் சதையை வீங்க வைத்து, அங்குள்ள நரம்பு முனைகளைக் கூர்மையாக்கி விடுகின்றன. எச்சில் விழுங்கும்போது அந்த வீங்கிய சதை ஒன்றோடொன்று உரசுவதுதான் கண்ணாடித் துண்டை விழுங்குகிற மாதிரி இருக்கிறது. ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இந்த ரசாயனங்களில் ஒரு வகையை மட்டும் உருவாகாமல் தடுக்கும். ஸ்டீராய்டு இன்னும் மேலே போகிறது. செல்லுக்குள் நுழைந்து, வீக்க ரசாயனங்களைத் தயாரிக்கச் சொல்லும் மரபணு உத்தரவுகளையே குறைத்து விடுகிறது. அதனால்தான் விழுங்கியவுடன் கேட்பதில்லை, சில மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கிருமியை அது தொடுவதே இல்லை. கிருமியோடு சண்டை போடும் படையைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். பலனும் ஆபத்தும் இந்த ஒரே வேலையிலிருந்துதான் வருகின்றன.

பலன் எவ்வளவு என்பதற்கு 2017ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வைப் பார்க்கலாம். 10 ஆய்வுகள், மொத்தம் 1,426 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை. 24 மணி நேரம் கழித்து "வலி சுத்தமாகப் போய்விட்டது" என்றவர்கள், வெற்று மாத்திரைக் குழுவில் 100க்கு 10 பேர், ஸ்டீராய்டு குழுவில் 22 பேர். 48 மணி நேரத்தில் அது 43க்கு எதிராக 61. ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு வலி குறையத் தொடங்கியது சராசரியாக 5 மணி நேரம் முன்னதாக. முழுதாக விட்டுப்போனது 11 மணி நேரம் முன்னதாக.

இந்த எண்களை இரண்டு விதமாகச் சொல்லலாம். மருந்து கம்பெனிப் பிரதிநிதி சொன்னால், "ஒரே நாளில் குணமாகிறவர்கள் இரண்டு மடங்கு" என்பார். பொய்யில்லை. இன்னொரு விதமாகச் சொன்னால், 100 பேருக்கு மாத்திரை கொடுத்தால் 48 மணி நேரத்தில் அதனால் கூடுதலாக வலி நீங்குகிறவர்கள் 18 பேர். 43 பேருக்கு அது இல்லாமலே போயிருக்கும். 39 பேருக்குச் சாப்பிட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். வலியை 0 முதல் 10 வரை அளந்தால், மறுநாள் இரு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றேகால் புள்ளி மாதிரி. பலன் நிஜம்தான், ஆனால் சின்னது.

இதற்குள் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்த ஆய்வுகளில் பல, மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களிடம் நடந்தவை. தொண்டைவலிக்காக அவசரப் பிரிவுக்குப் போகிறவருக்கு வலி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் கூடவே ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் சாப்பிட்டார்கள். அப்படியானால் சாதாரணத் தொண்டைவலியோடு ஊர் டாக்டரிடம் போகிறவருக்கும் இதே பலன் கிடைக்குமா?

அதைத்தான் இங்கிலாந்தில் நடந்த டோஸ்ட் என்ற ஆய்வு கேட்டது. தெற்கு, மேற்கு இங்கிலாந்தின் 42 குடும்ப மருத்துவர் நிலையங்கள், 576 பெரியவர்கள். உடனடியாக ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று மருத்துவர் முடிவுசெய்தவர்கள் மட்டும். அவர்களுக்கு 10 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் ஒரே ஒரு வேளை, அல்லது வெற்று மாத்திரை. 2017இல் முடிவு வெளியானது. 24 மணி நேரத்தில் முழுதாக வலி நீங்கியவர்கள் 22.6 சதவீதம், மாத்திரை இல்லாதவர்களில் 17.7. இந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கலாம் என்ற அளவுக்குச் சிறியது. 48 மணி நேரத்தில் 35.4க்கு எதிராக 27.1. இது தற்செயல் அல்ல. ஆனால் பன்னிரண்டு பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு லாபம் என்ற கணக்குதான். ஆக, வலி எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குத்தான் ஸ்டீராய்டுக்கு வேலை. லேசான கரகரப்புக்கு அதைக் கொடுப்பதற்கு இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் கிடையாது.

இன்னொன்றையும் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் வேலைக்கோ பள்ளிக்கோ விடுப்பு எடுப்பது குறைந்ததாகவோ, ஆன்டிபயாடிக் சாப்பிடுவது குறைந்ததாகவோ உறுதியான தடயம் இல்லை. "நாளைக்கு ஆபீஸ் போகணும், அதான்" என்று சொல்லி இதைக் கேட்கிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

இதையெல்லாம் எடைபோட்டுத்தான் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அமைத்த குழு, ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் "பலவீனமான பரிந்துரை" என்ற முத்திரையோடு. மருத்துவ வழிகாட்டிகளின் மொழியில் அதற்கு ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு: எல்லாருக்கும் கொடு என்று அர்த்தமில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் லாபநட்டத்தைச் சொல்லிக் கேட்டு முடிவு செய் என்று அர்த்தம். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012இல் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் ஸ்டீராய்டு வேண்டாம் என்றே எழுதியிருக்கிறது. தானாக ஆறிவிடும் நோய், வலி மாத்திரைகளே போதுமான அளவு கேட்கின்றன, பிறகு எதற்கு இன்னொரு மருந்து என்பது அவர்கள் வாதம். ஏறக்குறைய ஒரே மாதிரி ஆதாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் இரண்டு பக்கம் போவது இங்கே குழப்பத்தால் அல்ல. அரை நாள் வலிக்கு என்ன விலை என்பதில்தான் வேறுபாடு. என்னைக் கேட்டால், எச்சில் விழுங்க முடியாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறவருக்கு அந்த அரை நாள் பெரிய விஷயம். மற்றவர்களுக்கு இல்லை.

"கோர்ஸ்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சீட்டுகளில் ஸ்டீராய்டு எழுதினால் ஐந்து நாள், காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதுவது வழக்கம். தொண்டைவலி ஆய்வுகளில் பெரும்பாலும் சோதித்தது ஒரே ஒரு வேளை மருந்தைத்தான். பெரியவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் 10 மில்லிகிராம். குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், எப்படிப் போனாலும் 10ஐத் தாண்டக் கூடாது. டெக்ஸாமெத்தசோனின் வேலை உடம்பில் ஒன்றரை, இரண்டு நாள் நீடிக்கும். அதற்குள் தொண்டைவலியின் உச்சக்கட்டம் தானாகவே முடிந்துவிடும். ஆகவே மூன்றாம் நாள், நான்காம் நாள் மாத்திரைக்கு வேலையே இல்லை. பக்கவிளைவுக்கு மட்டும்தான் வேலை. அதேபோல ஒரு வேளை சாப்பிட்டதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும் தேவையில்லை. அது வாரக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கான விதி.

எண்களை ஓர் ஆளின் மேல் வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம், வயது 34, வேறு நோய் எதுவும் இல்லை. செவ்வாய் மாலை தொண்டை கரகரத்தது. வியாழன் காலை டாக்டரிடம் வரும்போது காய்ச்சல் 101.5 டிகிரி. இருமல், சளி இல்லை. டான்சில் இரண்டும் வீங்கி, வெள்ளைத் திட்டுகள். தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. காய்ச்சல், இருமல் இல்லாமை, வெள்ளைத் திட்டு, முன்கழுத்து நெறி ஆகிய நான்கும் சேர்ந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு கணிசம். நான்கும் சேராதவர்களில் பெரும்பாலோருக்கு அது வைரஸ்தான். இவருக்கு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதுகிறார். அது வேறு கணக்கு.

வலிக்கு இதுவரை என்ன சாப்பிட்டார் என்று கேட்பதுதான் அடுத்த படி. இங்கேதான் பாதிப் பேருக்குக் கதை முடிந்துவிடும். "வலி தாங்கல" என்று வருகிறவரைக் கேட்டால், நேற்று இரவு ஒரு பாராசிட்டமால் போட்டேன் என்பார். ஒன்று போதாது. காலை, மதியம், மாலை, இரவு என்று நேரம் வைத்துச் சாப்பிட்டு, வயிறும் சிறுநீரகமும் ஒத்துழைக்கிறவர் என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஐபுபுரூஃபனும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். டெங்குக் காய்ச்சல் சந்தேகம் இருக்கும் பருவத்தில் மட்டும் ஐபுபுரூஃபனைத் தொடக் கூடாது. நம் ஆசிரியை இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டும் நேற்று மாலையிலிருந்து நான்கு வாய்த் தண்ணீர்தான் இறங்கியிருக்கிறது. ஸ்டீராய்டு என்ற பேச்சே இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

வியாழன் காலை 10 மணிக்கு, இட்லியைக் கரைத்துக் குடித்துவிட்டு, 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். ஆய்வுகளின் சராசரியை அப்படியே அவர் மேல் போட்டால், மாலை 5, 6 மணிவாக்கில் வலி தளரத் தொடங்கும். சாப்பிடாமல் இருந்திருந்தால் இரவு 10 மணியாகியிருக்கும். வலி முழுதாக விட்டுப்போவது வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு. இல்லாவிட்டால் சனிக்கிழமை விடியற்காலை. வித்தியாசம் இதுதான்: வியாழன் இரவு ஒரு கிண்ணம் ரசம் சாதம், வெள்ளி இரவு ஒரு நல்ல சாப்பாடு. காலையில் சாப்பிடச் சொல்வதற்குக் காரணம், இந்த மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும். மாலையில் சாப்பிட்டவர் அன்று இரவு கண் கொட்டாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் சிவப்பது, படபடப்பு, நெஞ்செரிச்சல் சிலருக்கு வரும், போய்விடும்.

இவர் ஸ்டீராய்டுக்குப் பொருத்தமான ஆள். ஆய்வுகளில் இருந்தவர்களும் பெரும்பாலும் இவரைப் போன்றவர்களே. "கடுமையான பக்கவிளைவு கூடவில்லை" என்று அந்த ஆய்வுகள் சொல்வதை நாம் வாசிக்கும்போது இதை மறக்கக் கூடாது. யாருக்கு ஆபத்து வரலாமோ அவர்களைத் தொடக்கத்திலேயே சேர்க்காமல் விட்டுவிட்டுத்தான் அந்த வாக்கியம் எழுதப்பட்டிருக்கிறது. வெளியே நின்றவர்கள் யார் யார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

நம் நாட்டில் வரிசையில் முதலில் நிற்பவர் சர்க்கரை நோயாளி. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களில் ஒன்பது பேருக்கு ஒருவர். 10 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்பது பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டில் சுமார் 65 மில்லிகிராமுக்குச் சமம். ஆஸ்துமா முற்றியவருக்குக்கூட ஒரு நாளைக்கு 40 தான் வழக்கமாக எழுதுவார்கள். இந்த அளவு உள்ளே போனதும் ஈரல் சர்க்கரையைக் கூடுதலாக வெளியே விடும். தசை அதை எடுத்துக்கொள்ள மறுக்கும். மாத்திரையில் கட்டுப்பாட்டோடு இருந்தவருக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாலையிலும் சர்க்கரை சர்ரென்று ஏறி, ஒன்றிரண்டு நாள் அப்படியே நிற்கும். இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை அவ்வளவாக மாறாமல் இருக்கலாம். "காலையில பாத்தேன், நார்மலாத்தான் இருந்துச்சு" என்று நிம்மதியாகி விடுவார்கள். பார்க்க வேண்டியது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும், சாயங்காலமும்.

அப்படியானால் சர்க்கரை நோயாளிக்கு ஒருபோதும் கூடாதா? அப்படியில்லை. கட்டுப்பாட்டில் உள்ளவர், வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பவர், டாக்டர் தெரிந்து கொடுக்கிறார் என்றால் ஒரு வேளை மருந்து அவரைக் கவிழ்த்துவிடாது. ஆனால் கிடைக்கும் லாபம் அரை நாள் வலி என்னும்போது, நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். ஏற்கெனவே 250, 300 என்று ஓடுகிறவருக்கு இந்தக் கேள்வியே எழக் கூடாது. சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021 கொரோனா இரண்டாம் அலையில் கரும்பூஞ்சை நோயாக நாம் பார்த்தாயிற்று. அங்கே ஸ்டீராய்டு நாட்கணக்கில் ஓடியது, இங்கே ஒரு வேளைதான். அளவு வேறு. ஆனால் உயர்ந்த சர்க்கரையும் அடங்கிப்போன எதிர்ப்பும் பூஞ்சைக்குப் பிடித்த நிலம் என்ற விதி ஒன்றே.

அடுத்தது, எனக்கு இன்னும் கவலை தருவது: தொண்டைவலி என்று வந்தாலும் நோய் வேறாக இருப்பவர்கள். ஸ்டீராய்டு வலியை மட்டும் குறைப்பதில்லை, அடையாளத்தையும் அழிக்கும். காய்ச்சல் இறங்கும், வீக்கம் வாடும், முகம் தெளியும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அதிக வலி, அந்தப் பக்கத்துக் காதிலும் குத்தல், வாயில் மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்க முடியாமை, வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழறிய குரல், உள்நாக்கு மறுபக்கம் தள்ளப்பட்டிருத்தல். இவருக்குத் தேவை ஊசியோ கத்தியோ வைத்துச் சீழை வெளியேற்றுவது. காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சீழை எடுத்த பிறகு ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு. அது கட்டியைப் பார்த்தபின் கொடுப்பது. வாயைத் திறந்தே பார்க்காமல் கொடுத்தால், ஒரு நாள் தேறினவர் மாதிரி இருந்துவிட்டு, சீழ் கழுத்துக்குள் இறங்கிய பிறகு வருவார்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குத் தொண்டைவலி வந்தால் அது தனி எச்சரிக்கை மணி. அரிதாக, பெரும்பாலும் முதல் சில மாதங்களில், அந்த மாத்திரை ரத்தத்தின் வெள்ளணுக்களைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிடும். முதல் அறிகுறியே காய்ச்சலும் தொண்டைவலியும்தான். அன்றே ரத்தப் பரிசோதனை, அதுவரை கார்பிமசோலை நிறுத்தி வைத்தல். இதற்கு நடுவே ஸ்டீராய்டு போனால் இருக்கிற கொஞ்சநஞ்சப் படையும் உட்கார்ந்துவிடும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர், கீமோதெரபியில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், எச்.ஐ.வி. உள்ளவர் எல்லாருக்கும் இதே காரணத்தால் ஆகாது. அதோடு ஸ்டீராய்டு ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையை ஒரு நாளுக்குப் பொய்யாகத் தூக்கிக் காட்டும். ஆகவே மறுநாள் எடுக்கும் பரிசோதனை டாக்டரைத் திசை திருப்பலாம். "நேத்து ஒரு வெள்ளை மாத்திரை போட்டேன்" என்று சொல்லாதவர் தனக்குத் தானே குழி வெட்டுகிறார்.

குழந்தைகள் விஷயத்தில் இதே மறைப்பு இன்னும் மோசம். ஆறாத தொண்டைப்புண், வெளிறிய முகம், காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டுகள், ஈறில் ரத்தம் என்று வரும் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் இருக்கலாம். லிம்போபிளாஸ்டிக் வகைப் புற்றணுக்களை ஸ்டீராய்டு தற்காலிகமாக அழித்துவிடும். பிள்ளை தேறிவிட்டதாகத் தோன்றும், நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இது அபூர்வம்தான். ஆனாலும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத் தொண்டைவலிக்கென்று இதைச் சோதித்த ஆதாரம் போதவில்லை என்பதால் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் குழுவின் பரிந்துரையே அவர்களுக்குப் பொருந்தாது. குரைப்பது போல இருமும் குழந்தைக்கு டாக்டர் ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் கொடுப்பார். அது குரல்வளை வீக்கம், வேறு நோய், அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் போன வருடம் வாங்கிய பாட்டிலைத் திறந்துவிடக் கூடாது.

பதின்வயதினருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வரும் மோனோ என்ற வைரஸ் காய்ச்சலும் டான்சில் வீக்கமாகத்தான் தொடங்கும். கழுத்தின் பின்பக்கம் நெறி கட்டுவதும், வாரக்கணக்கில் விடாத அசதியும் அதன் கையெழுத்து. மூச்சுப் பாதையே அடைபடும் அளவுக்கு வீங்கினால் மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். வெறும் வலிக்குக் கொடுப்பதில்லை. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படிந்து, உரித்தால் ரத்தம் கசிந்து, கழுத்து மாட்டுக் கழுத்து மாதிரி வீங்கினால் அது தொண்டை அடைப்பான். தடுப்பூசி விட்டுப்போன இடங்களில் இன்னும் தலைகாட்டுகிறது. அதற்கு மருந்து நச்சுமுறிவு ஊசி. ஒரு மணி நேரமும் வீணாக்கக் கூடாது. அதேபோல மூச்சு வாங்குகிறது, எச்சில் வழிகிறது, முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால்தான் முடிகிறது என்றால் எந்த மாத்திரையையும் தேடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

மீதிப் பட்டியலைச் சுருக்கமாகவே சொல்லலாம். வயிற்றுப் புண் இருந்தவர்கள், குறிப்பாக ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் கூடவே சாப்பிடுகிறவர்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது. கர்ப்பிணிகள், டெக்ஸாமெத்தசோன் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும் வகை. முன்பு ஸ்டீராய்டு சாப்பிட்டு மனநிலை தாறுமாறானவர்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஏற்கெனவே வேறு நோய்க்குத் தினமும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு இந்தக் கூடுதல் வேளை தேவையில்லை. அவர் தன் வழக்கமான மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதுதான் முக்கியம்.

இனி, எந்த நோயும் இல்லாத நம் ஆசிரியைக்கே ஆபத்து எப்போது தொடங்குகிறது? திரும்பத் திரும்பச் சாப்பிடும்போது. அமெரிக்காவில் 65 வயதுக்கு உட்பட்ட சுமார் 15 லட்சம் பேரின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வும் 2017இல்தான் வெளியானது. மூன்று ஆண்டில் அவர்களில் ஐந்தில் ஒருவர் குறைந்தது ஒரு முறையாவது குறுகிய கால ஸ்டீராய்டு வாங்கியிருந்தார்கள், காரணங்களில் சளியும் தொண்டையும் முதுகுவலியும் அலர்ஜியும் அடக்கம். மருந்து தொடங்கிய 30 நாளுக்குள் ரத்தத்தில் கிருமி பரவி மருத்துவமனையில் சேர்வது சுமார் 5 மடங்கும், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைவது 3 மடங்கும், எலும்பு முறிவு கிட்டத்தட்ட 2 மடங்கும் கூடியிருந்தன. இவை எல்லாமே அடிப்படையில் அபூர்வமானவை. அதனால் ஐந்து மடங்கு என்றாலும் ஒருவருக்கு நேரும் வாய்ப்பு சிறியதே. அங்கே வழக்கமாக ஆறு நாள் கோர்ஸ். ஒரே வேளை அல்ல. ஆனாலும் "கொஞ்ச நாள்தானே" என்ற சமாதானம் செல்லாது என்று அந்த ஆய்வு காட்டிவிட்டது. வருடத்துக்கு நான்கு முறை தொண்டை கட்டி, நான்கு முறையும் பொட்டலம் வாங்குகிறவர் ஆய்வு செய்யப்பட்ட அந்த ஒற்றை வேளையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டார். அடிக்கடி வரும் தொண்டைவலிக்காரர்களை அந்தப் பரிந்துரையும் வெளியேதான் வைத்திருக்கிறது. அவர்கள் தேட வேண்டியது ஏன் அடிக்கடி வருகிறது என்பதை.

சட்டப்படி டெக்ஸாமெத்தசோன் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்து. நடைமுறை நமக்குத் தெரியும். ஆகவே பொட்டலம் கைக்கு வந்தால் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் கேளுங்கள், அட்டையோடு வாங்குங்கள். வெட்டிய துண்டில் பெயர் தெரியாவிட்டால் திருப்பிக் கொடுங்கள். டாக்டரே எழுதினாலும் இரண்டு கேள்வி கேட்கலாம்: இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, எத்தனை வேளை?

அட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. டெக்ஸாமெத்தசோன் 4 மில்லிகிராம் மாத்திரையாகவும் 0.5 மில்லிகிராம் மாத்திரையாகவும் கிடைக்கிறது. 10 மில்லிகிராம் என்றால் முதல் வகையில் இரண்டரை மாத்திரை, இரண்டாவதில் இருபது. எந்த மாத்திரை என்று பார்க்காமல் "இரண்டரை" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டவர் எட்டில் ஒரு பங்குதான் சாப்பிட்டிருப்பார். "இருபது" என்பதை மட்டும் வைத்துக்கொண்டவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நம் ஆசிரியை பத்து மாத்திரை உள்ள 4 மில்லிகிராம் அட்டை ஒன்றை முழுதாக வாங்கினார் என்றால், இரண்டரை போக அதில் மிச்சம் சரியாக ஏழரை. அந்த ஏழரைதான் ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும் டப்பாவுக்குள் போகும். இரண்டு மாதம் கழித்து, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் மாமியாருக்குத் தொண்டை கட்டும்போது, "எனக்கு ஒரே நாள்ல கேட்டுச்சு அத்தை, இதையே போட்டுக்கோங்க" என்று அங்கிருந்துதான் எடுத்து நீட்டுவார்.